சன்ரூஃப் வேண்டுமா, பெரிய அலாய் வேண்டுமா? கார் புக் செய்யும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கப் போகும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் ஷோரூமில் உட்கார்ந்துகொண்டே போன் செய்து கேட்கும் சந்தேகங்கள் இவை. பத்து லட்சம் ரூபாய்க்கு முன்னும் பின்னும் விலையுள்ள சின்ன எஸ்.யூ.வி. வாங்குபவர்கள்தான் இவர்களில் அதிகம். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சன்ரூஃப், பனோரமிக் சன்ரூஃப்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண சன்ரூஃப் என்பது முன் இருக்கைகளுக்கு மேலே இருக்கும் ஒற்றைக் கண்ணாடி. பின் முனை மட்டும் சற்றுத் தூக்கும். இல்லையென்றால் முழுதாகப் பின்னால் நகரும். பனோரமிக் என்றால் கூரையின் பெரும்பகுதியே கண்ணாடி. அதில் வழக்கமாக முன்பாதி மட்டும் திறக்கும், பின்பாதி நிலையாக ஒட்டப்பட்டிருக்கும். திறக்கவே திறக்காத கண்ணாடிக் கூரையும் சில கார்களில் உண்டு.

கண்ணாடி மட்டுமே சன்ரூஃப் இல்லை. சுற்றிலும் ரப்பர், இரண்டு பக்கமும் தண்டவாளம், அதில் இழுக்கும் கேபிள், ஒரு மோட்டார், அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு, அந்தத் தட்டின் மூலைகளிலிருந்து கீழே இறங்கும் குழாய்கள், உள்ளே ஒரு திரை என்று ஒரு கூட்டமே கூரைக்குள் இருக்கிறது. பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றில்தான் வரும். திறக்காத கண்ணாடிக் கூரையில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. அதனால் வெப்பத்தைத் தவிர வேறு தொல்லை குறைவு.

நம்ம ஊர் வெயிலுக்கு இது சரிப்பட்டு வருமா அண்ணா? உள்ளே வெந்துட மாட்டோமா?

வேக மாட்டீர்கள், ஆனால் வித்தியாசம் நிச்சயம் தெரியும். ஏப்ரல் மத்தியானத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் கிட்டத்தட்ட 1000 வாட் வெயில் விழுகிறது. பனோரமிக் கண்ணாடி சுமார் 0.8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன்மேல் விழுவது 800 வாட். கருமையேற்றிய கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்தாலும், கால் பங்கு உள்ளே வந்தால் 200 வாட். ஒரு சின்ன காரின் ஏசி ஓடும்போது நான்கைந்து கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளக்கூடியது. ஆக, ஏசி தோற்றுப்போகும் அளவுக்கு இது பெரிய சுமை இல்லை.

பிறகு ஏன் எல்லோரும் சூடு என்று புலம்புகிறார்கள்? வெப்பம் வரும் இடம்தான் காரணம். உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே சூடேறிய கண்ணாடி இருக்கிறது. காற்று குளிர்ந்தாலும் அதன் அனல் தலையில் நேரடியாக அடிக்கும். திரையை மூடினாலும் வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டிவிட்டது, சூடாவது திரைதான். சுருளும் மெல்லிய துணித்திரை என்றால் அதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். கெட்டியான பலகைத் திரை ஓரளவு பரவாயில்லை. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது உள்ளே குளிர சில நிமிடம் கூடுதலாகும். பின்சீட்டுக்கு ஏசி துவாரம் இல்லாத காரில் பனோரமிக் எடுக்காதீர்கள் என்பேன்.

டெஸ்ட் டிரைவ் எல்லோரும் சாயங்காலம்தான் போகிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போய், ஷோரூம் வாசலில் வெயிலில் நின்ற வண்டியைத் திரை திறந்தபடி பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். என் கணக்கை விட உங்கள் தலை சரியாகச் சொல்லும்.

அப்போ இதனால ஒரு பிரயோஜனமும் இல்லையா? சும்மா பந்தாவா?

அப்படியும் இல்லை. வெயிலில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது கண்ணாடியின் பின் முனையை மட்டும் தூக்கி, ஜன்னலையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டினால் கூரையடியில் தேங்கிய சூடான காற்று மேலே வெளியேறிவிடும். அதற்கு இது நல்ல வழி. கறுப்பு உள்அலங்காரமும் சின்ன பின்ஜன்னலும் உள்ள கார்களில் பின்சீட்டுக்காரர்களுக்கு வெளிச்சம் கிடைக்கும்; அடைத்துப் போட்டதுபோல இருக்கிறது என்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கொடைக்கானல், வால்பாறை ஏறும்போது சாயங்காலம் திறந்து வைத்தால் சுகம்தான்.

கேள்வி என்னவென்றால், வருடத்தில் எத்தனை முறை என்பது. சென்னையிலும் மதுரையிலும் பகலில் வெயில், அக்டோபர் வந்தால் மழை, மீதி நாளில் தூசி. ஊருக்குள் ஓட்டுபவர்கள் வாங்கிய முதல் மாதம் திறக்கிறார்கள், அப்புறம் திரையோடு மூடிவிடுகிறார்கள். நீலகிரிப் பக்கம் வசிப்பவர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள்.

சன்ரூஃப் வேரியன்ட் 80,000 ரூபாய்தான் அதிகம்னு ஷோரூம்ல சொல்றாங்க. அவ்வளவுதானே?

அது ஷோரூம் விலையில் உள்ள வித்தியாசம். கையை விட்டுப் போகும் பணம் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கான ஆயுட்கால வரி நான்கு படியாக இருக்கிறது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரியைப் போல மேலே போன பகுதிக்கு மட்டும் கூடுதல் என்பது இங்கே இல்லை. படி மாறினால் முழு விலைக்கும் புது சதவீதம்தான்.

சன்ரூஃப் இல்லாதது 9.80 லட்சம், இருப்பது 10.60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு 13 சதவீதம், அதாவது 1,27,400 ரூபாய். இரண்டாவதற்கு 18 சதவீதம், 1,90,800 ரூபாய். வரியில் மட்டும் 63,400 ரூபாய் வித்தியாசம். 80,000 என்று சொன்னது 1,43,400 ஆகிவிட்டது. இதையும் கடனில் சேர்த்து ஐந்து வருடம், 9 சதவீத வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 2,980 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 1,78,600. இன்சூரன்ஸ் பிரீமியமும் வண்டி விலையோடு சேர்ந்து கொஞ்சம் ஏறும். பத்து லட்சத்தைத் தாண்டினால் ஷோரூமில் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும் என்பதால் அதைச் செலவாக எண்ண வேண்டாம்.

இரண்டு வேரியன்ட்டும் ஒரே படிக்குள் இருந்தால் இந்தப் பெரிய தாவல் இருக்காது. அதனால் ‘எவ்வளவு அதிகம்’ என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக் கழித்துப் பாருங்கள்.

மழை பெஞ்சா உள்ளே ஒழுகுமா?

சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது இல்லை. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்துதான் கண்ணாடிக்கு அடியில் தட்டு வைத்து, மூலைகளில் குழாய் இறக்கியிருக்கிறார்கள். முன் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்கள் வழியாக இறங்கி, பெரும்பாலான கார்களில் கதவு கீல் பக்கமோ முன்சக்கர வளைவுக்குள்ளோ முடியும். பின் குழாய்கள் பின்தூண் வழியாகப் பின் பம்பர் பக்கம் போகும். குழாய் திறந்திருக்கும் வரை எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே சொட்டு விழாது.

அடைத்தால்தான் வம்பு. தூசியும் காய்ந்த இலையும் சேர்ந்து சகதியாகிக் குழாய் வாயை மூடும். தட்டு நிரம்பி வழியும். அந்தத் தண்ணீர் நேராக உங்கள் தலையில் விழுவதும் அரிது. கூரைத் துணியை நனைக்கும், உள்விளக்கு வழியாகச் சொட்டும், அல்லது தூணுக்குள்ளேயே இறங்கிக் கால்மிதியடிக்குக் கீழே தேங்கும். மேலே எல்லாம் காய்ந்திருக்க, கம்பளத்துக்கு அடியில் மட்டும் ஈரம் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்தாலும் முன்பக்கத் தரை நனையும். ஆனால் அது மழை இல்லாத நாளிலும் வரும். மழைக்கு அப்புறம் மட்டும் நனைந்தால் கூரையைப் பாருங்கள்.

தாமதித்தால் செலவு பெரிது. பல கார்களில் கம்பளத்துக்கு அடியில் ஒயர் கட்டுகளும் கனெக்டர்களும் ஓடுகின்றன. அவற்றில் பச்சை பூத்துவிட்டால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியத் தொடங்கும்.

எங்க தெருவுல வேப்பமரத்தடியிலதான் வண்டி நிக்கும். குழாயை நானே சுத்தம் பண்ண முடியுமா?

முடியும். கண்ணாடியை முழுதாகத் திறந்து, ஓரத்தில் உள்ள பள்ளத்தையும் ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முன்மூலைகளில் குழாய் வாய் கண்ணுக்குத் தெரியும். ஒரு டம்ளரில் பாதி தண்ணீரை எடுத்து அந்த மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் சக்கர வளைவுப் பக்கமோ கதவு கீல் பக்கமோ ஒழுகி வெளியே வர வேண்டும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மெதுவாகச் சொட்டினால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடைப்பை எடுக்கத் தடித்த தூண்டில் நரம்பு போதும். நுனியைத் தீயில் காட்டி உருட்டிவிட்டு, மெதுவாக உள்ளே விட்டு ஆட்டுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயை வைத்து ஊதுவது அதைவிட மோசம்: தூணுக்குள் இருக்கும் இணைப்பு கழன்றுகொள்ளும், அதன் பிறகு எல்லாத் தண்ணீரும் காருக்குள்தான். அதைச் சரிசெய்யக் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும்.

பின் குழாய் வாய் பல கார்களில் கைக்கு எட்டாது, அதை சர்வீஸில் கேட்டு வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒருமுறை கட்டாயம். மரத்தடி வண்டி என்றால் கோடையிலும் ஒருமுறை. சர்வீஸ் பில்லில் ‘சன்ரூஃப் சுத்தம்’ என்று போட்டிருந்தால் தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய் போட்டிருப்பார்கள். குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

திறந்து ஓட்டினா காதுல குபுகுபுன்னு அடிக்குது. மூடினா கடகடன்னு சத்தம். ரிப்பேரா?

இரண்டும் வேறு வேறு. முதலாவது ரிப்பேர் இல்லை. திறந்த ஓட்டையின் மேல் காற்று வேகமாகப் போகும்போது உள்ளே இருக்கும் காற்றே ஒரு தாளத்தில் அதிர்கிறது. காலி பாட்டில் வாயில் ஊதினால் சத்தம் வருவது போலத்தான். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, வேகம் மாறினால் குறையும். பின்ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவு இறக்கினால் அடங்கிவிடும். கண்ணாடி திறந்ததும் முன்ஓரத்தில் எழும் சின்னத் தடுப்பு இதற்காகத்தான் இருக்கிறது. அது பாதியில் நின்றிருந்தால் சரி செய்யுங்கள்.

இரண்டாவது சத்தம் பெரும்பாலும் காய்ந்த ரப்பரிலிருந்தோ தண்டவாளத்திலிருந்தோ வருகிறது. மோசமான ரோட்டில் காரின் உடல் லேசாக முறுகும். அப்போது கண்ணாடியும் ரப்பரும் உரசிக் கீச்சிடும். ரப்பரைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகப் பூசினால் பலருக்குப் போய்விடுகிறது. வாசலின், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். கிரீஸுக்குப் பிறகும் கடகடவென்றால் கண்ணாடியின் உயரம் சரியில்லாமல் இருக்கலாம். வாரண்டியில் இருக்கும்போதே, சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டு போய்க் காட்டுங்கள். சர்வீஸ் சென்டர் வாசலில் எந்தச் சத்தமும் வராது என்பது எழுதப்படாத விதி.

பசங்க மேலே தலையை நீட்டிட்டு வரணும்னு அடம் பிடிக்கிறாங்க. மெதுவா போனா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் திடீர் பிரேக் பிடித்தாலே நின்றிருக்கும் குழந்தையின் நெஞ்சு கூரை விளிம்பில் மோதும். நம் தெருக்களில் தொங்கும் கேபிள், மரக்கிளை, பார்க்கிங் வாசலில் உயரத்தடைக் கம்பி, சென்னையில் மாஞ்சா நூல் வேறு. பெல்ட் போடாமல் 14 வயதுக்குட்பட்ட குழந்தையை அழைத்துப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194 பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. பொத்தானை வைத்து விளையாட விடாதீர்கள். விரல் மாட்டினால் நிற்கும் பாதுகாப்பு எல்லா வேரியன்ட்டிலும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி உடைஞ்சா இன்சூரன்ஸ்ல வருமா? மோட்டார் கெட்டுப் போனா?

கல்லோ தேங்காயோ விழுந்து உடைந்தால் முழுக் காப்பீட்டில் வரும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் அதோடு மாற்ற வேண்டிய ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், தேய்மானமில்லாத பாலிசி இருந்தால் அது மிச்சம். எந்தக் கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, இன்ஜின் 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருட போனஸ் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மோட்டார் எரிவது, கேபிள் அறுவது, குழாய் அடைத்துத் தண்ணீர் இறங்குவது எல்லாம் விபத்து இல்லை. சாதாரண பாலிசியில் வராது. வாரண்டி இருந்தால் மோட்டாரும் கேபிளும் வரலாம். அடைப்பை ‘பராமரிப்புக் குறை’ என்று தள்ளிவிடுவார்கள். வாரண்டி முடிந்த பிறகு பல கார்களில் கேபிள் மட்டும் தனியாகக் கிடைக்காது, தண்டவாளத்தோடு முழுச் சட்டமாகத்தான் தருவார்கள். உங்கள் மாடலுக்குக் கண்ணாடி விலை, முழுச் சட்டத்தின் விலை இரண்டையும் பாகங்கள் கவுன்டரில் கேளுங்கள், சேல்ஸ் மேசையில் வேண்டாம்.

கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை. பேட்டரி மாற்றிய பிறகு கண்ணாடி பாதியில் நிற்கிறது, விட்டுவிட்டு நகர்கிறது என்றால் மோட்டார் தன் இடத்தை மறந்திருக்கும். பல கார்களில் மூடும் பொத்தானைப் பத்து நொடி போல அழுத்திப் பிடித்தால் ஒரு சுற்றுப் போய்வந்து சரியாகும். உங்கள் காருக்கான முறை கையேட்டில் இருக்கும்.

16 இன்ச் அலாயை விட 17 இன்ச் நல்லதுதானே? பெரிய வீல்னா குழியில ஈஸியா ஏறும் இல்ல?

சக்கரத்தின் மொத்த உயரம் கூடினால்தான் குழியில் சுலபமாக ஏறும். பெரும்பாலும் அது கூடுவதில்லை. ரிம் பெரிதாகும் அளவுக்கு டயரின் ரப்பர் சுவர் குறைகிறது. ஒரு சின்ன காரில் 185/65 ஆர்15 டயர் இருக்கிறது என்று வையுங்கள். 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சுவர் உயரம் என்பது. ஆக 120 மி.மீ. மொத்த விட்டம் 622 மி.மீ. இதே காருக்கு 195/55 ஆர்16 போட்டால் மொத்த விட்டம் 621, சுவர் 107 மி.மீ. 205/45 ஆர்17 போட்டால் விட்டம் 616, சுவர் 92 மி.மீ. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி கூடவில்லை, ஆனால் குழியின் விளிம்பை வாங்கிக்கொள்ளும் ரப்பர் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் போய்விட்டது.

அந்த ரப்பர்தான் அதிர்வையும் விழுங்கும், ரிம்மையும் காக்கும். அது குறைந்தால் சின்னச் சின்ன வெடிப்பும் ஸ்டியரிங்கில் தெரியும், கான்கிரீட் ரோட்டில் இரைச்சல் கூடும். பெரிய ரிம் பொதுவாக எடையும் கூட. பதிலுக்கு வளைவில் வண்டி சற்று இறுக்கமாக நிற்கும், பார்க்க அழகு. டயர் மாற்றும் நாளில் அந்த அழகுக்கு இன்னொரு முறை பணம் கொடுப்பீர்கள். ஒரே மாடலில் கீழ் வேரியன்ட்டுக்கு 16, மேல் வேரியன்ட்டுக்கு 17 என்றால் இரண்டையும் ஒரே ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

பேஸ் மாடல் வாங்கி வெளியில அலாய் போட்டுக்கலாம்னு இருக்கேன். எதைப் பார்க்கணும்?

நல்ல யோசனைதான், பணம் மிச்சமாகும், ஆனால் அளவில் பிசகக் கூடாது. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்தினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். நடுத்துளையும் பொருந்த வேண்டும். பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் பேலன்ஸ் செய்த பிறகும் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ரிம் வெளியே துருத்தும் அளவும் கம்பெனி அளவோடு ஒத்திருக்க வேண்டும். சக்கரம் ஃபெண்டரை விட்டு வெளியே தெரிந்தால் பேரிங்குக்குச் சுமை, சேற்றுக்குக் கொண்டாட்டம்.

என் ஆலோசனை: கம்பெனி அந்த மாடலின் வேறு வேரியன்ட்டில் கொடுக்கும் அளவையே எடுங்கள். டயரின் சுமை எண் பழையதை விடக் குறையக் கூடாது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. ரிம்மில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். அப்புறம் நட்டு: இரும்பு ரிம்முக்கான நட்டு எல்லா அலாயிலும் சரியாக உட்காராது. உங்கள் ரிம்முக்கான நட்டு வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கி, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அது இரும்பு ரிம்மாகவே இருக்கும் என்றால் அதற்கான பழைய நட்டுகளையும் டிக்கியில் வையுங்கள்.

குழியில விட்டுட்டேன். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியல. ஓட்டலாமா?

வெளியே தெரியாது. அடி விழுவது பெரும்பாலும் ரிம்மின் உள்விளிம்பில். சக்கரத்தைக் கழற்றாமல் அதைப் பார்க்க முடியாது. மூன்று அறிகுறி உண்டு. ஒன்று, பஞ்சர் இல்லாமலேயே காற்று தினமும் கொஞ்சம் இறங்குவது. சோப்புத் தண்ணீர் பூசினால் ரிம்மில் மயிரிழை வெடிப்பிலிருந்து குமிழி வரும். இரண்டு, 80 - 100 வேகத்தில் நடுக்கம், பேலன்ஸ் செய்தும் போகாதது; சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் விளிம்பு ஆடுவது தெரியும். மூன்று, டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைப்பு. அது உள்நூல் அறுந்ததன் அடையாளம். புடைத்த டயருக்கு வைத்தியம் இல்லை, ஹைவேயில் ஏற்றவே கூடாது.

இரும்பு ரிம் வளைந்தால் தட்டி எடுத்துவிடலாம். அலாயில் லேசான வளைவை இயந்திரத்தில் வைத்து நிமிர்த்துவார்கள். ஆனால் கேஸ் விளக்கால் சூடேற்றி அடிக்கும் கடை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அலுமினியத்துக்கு ஆலையில் கொடுத்த உறுதி அந்தச் சூட்டில் போய்விடும். வெடித்ததை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஸ்டெப்னிக்குக்கூட ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது. வண்டியும் கூடவே அடிபட்டிருந்தால் டயர் விலையில் பாதி. மேலே சொன்ன 92 மி.மீ. சுவர் உள்ள டயரை எடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். டயர், ரிம்முக்கென்று தனிக் காப்பு சில நிறுவனங்கள் தருகின்றன, குழிகள் நிறைந்த வழியில் தினமும் போகிறவர்களுக்கு அது தகும்.

டைமண்ட் கட் அலாய் பளபளன்னு இருக்கே, அதுல ஏதாவது பிரச்சினை உண்டா?

முகத்தைக் கடைசலில் சீவி, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். பிளாட்ஃபாரத்தில் ஒருமுறை உரசினால் வார்னிஷ் உரியும். அந்த இடத்திலிருந்து வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல அரிப்பு உள்ளே பரவும். தூத்துக்குடி, நாகை, சென்னைக் கடற்கரைப் பக்கம் இது சீக்கிரம் வரும். திருத்த மறுபடி சீவ வேண்டும், அதையும் சில தடவைதான் செய்யலாம். ஒரே நிறம் பூசிய ரிம் என்றால் உள்ளூரிலேயே பெயின்ட் அடித்துவிடலாம்.

பழைய மாடலுக்கு வெளியில கூரையை வெட்டி சன்ரூஃப் போடறாங்களே?

வேண்டாம். கம்பெனி சன்ரூஃப் வைக்கும்போது ஓட்டையைச் சுற்றிக் கூரையை வலுப்படுத்திக் கட்டுகிறது. வெளியே வெட்டும்போது குறுக்குச் சட்டத்தையே அறுத்துவிட வாய்ப்புண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்திலிருந்து மாறுமாறு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் கை விரிக்க நல்ல காரணம் கிடைத்துவிடும். ஒழுகினால் யாரிடம் போய் நிற்பீர்கள் என்பது வேறு.

காற்று வர்ற சீட், டச் ஏசி, எல்.இ.டி. லைட் இதெல்லாம்?

காற்று வரும் சீட்டுக்கு என் ஓட்டு உண்டு. சன்ரூஃப் வேண்டுமா இது வேண்டுமா என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். சீட்டுக்குள் உள்ள சின்ன விசிறி கேபின் காற்றைத்தான் சுழற்றுகிறது. தானாகக் குளிர்விக்காது, ஏசி ஓடினால்தான் பலன். ஆனாலும் முதுகு வேர்வை நின்றுவிடும். அது இல்லாமல் கறுப்பு லெதரெட் சீட் மட்டும் இருந்தால் நம் ஊருக்குத் துணி சீட்டே மேல்.

டச் ஏசி எனக்குப் பிடிக்காது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் விசிறி வேகத்தைக் கூட்ட முடியாது. திரை கெட்டால் ஏசியும் கையை விட்டுப் போகும் கார்களும் உண்டு. எல்.இ.டி. விளக்கு ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் பல கார்களில் பல்பு மட்டும் மாற்ற முடியாது. அடிபட்டால் முழு ஹெட்லைட். பின்னால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடும் விளக்குப் பட்டையும் அப்படித்தான். அதன் பாக விலையையும் அதே கவுன்டரில் கேளுங்கள்.

எனக்கு சன்ரூஃப் வேண்டாம். ஆனா நான் கேக்கற பாதுகாப்பு வசதி எல்லாம் சன்ரூஃப் வேரியன்ட்லதான் வருது. என்ன செய்ய?

இதற்கு எளிதான பதில் இல்லை. கம்பெனிகள் வேண்டுமென்றே இப்படிக் கட்டி விற்கின்றன. முதலில் கீழ் வேரியன்ட்டில் எது உண்மையிலேயே விடுபடுகிறது என்று எழுதிப் பாருங்கள். ஆறு ஏர்பேக், வழுக்கல் கட்டுப்பாடு இவை இப்போது பல மாடல்களில் அடியிலிருந்தே வருகின்றன. விடுபடுவது பின்கேமரா, மடங்கும் கண்ணாடி, ஸ்பீக்கர் என்றால் வெளியே போட்டுக்கொள்ளலாம். ஏர்பேக்கோ பின் டிஸ்க் பிரேக்கோ விடுபட்டால் அதற்காக சன்ரூஃப் வேரியன்ட்டை எடுத்து, வருடம் ஒருமுறை குழாயைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். வேறு கம்பெனியில் சன்ரூஃப் இல்லாமல் அதே பாதுகாப்பு கிடைத்தால் அதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

உயரமானவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். சன்ரூஃப் சட்டம் கூரைக்குள் இடம் எடுப்பதால் உச்சிக்கு மேல் சில சென்டிமீட்டர் குறையும். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சன்ரூஃப் உள்ள பழைய கார் வாங்கறேன். எப்படி சோதிக்கணும்?

கண்ணாடியை மூன்று முறை முழுதாகத் திறந்து மூடுங்கள். இடையில் தயங்கினாலோ, இரண்டு ஓரமும் ஒரே சீராக நகராமல் கோணினாலோ கேபிள் தேய்ந்திருக்கிறது. கூரைத் துணியின் நான்கு மூலையிலும், உள்விளக்கைச் சுற்றியும் தேநீர் நிறக் கறை இருக்கிறதா பாருங்கள். கூரைத் துணி மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கால்மிதியடியை எடுத்துவிட்டுக் கம்பளத்தைக் கையால் அழுத்துங்கள்; மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் இன்னும் ஆழமாக அழுத்துங்கள்.

கடைசியாக மேலே சொன்ன அரை டம்ளர் தண்ணீர்ச் சோதனை. ஓனர் வேண்டாம் என்று தடுத்தால், விலை பேசும்போது முழுச் சட்டத்தின் பாக விலையைக் கழித்துக் கேளுங்கள்.